வாட்ஸ்அப் குழுவில் ஒரு எம்சி: பினாங்குத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு நாட்குறிப்பு

6 அக்டோபர் 2025, திங்கள்

பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் தொழிற்சாலையில், உற்பத்திப் பிரிவு ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒரு மருத்துவ விடுப்புச் சான்றிதழின் படம் பதிவாகியிருந்தது. ஓர் இயந்திர இயக்குநர் தம் எம்சியை மேற்பார்வையாளருக்கு மட்டும் அனுப்பியிருந்தார். மேற்பார்வையாளரோ, "இன்று ஆள் குறைவு, இரவு ஷிப்டுக்கு யாராவது வாருங்கள்" என்ற வரியோடு அதைக் குழுவில் போட்டுவிட்டார். முப்பதுக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்துவிட்டார்கள். நோயின் பெயர் சான்றிதழில் இல்லை. ஆனால் எந்த மருத்துவமனையின் எந்தச் சிறப்புப் பிரிவு அதை வழங்கியது என்பது தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. அடையாள அட்டை எண்ணும் முழுமையாகத் தெரிந்தது. நோயின் பெயரை எழுதாவிட்டால் இரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுபவர்கள் இந்தத் தலைப்பை மறந்துவிடுகிறார்கள்.

அது எந்த மருத்துவப் பிரிவு என்று இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்ட பெண் இந்தக் குறிப்புகளைப் படித்துச் சம்மதித்த பின்னரே இவற்றை வெளியிடுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன்.

முதலில் மேற்பார்வையாளரை அழைத்து, பதிவை எல்லோருக்குமாக நீக்கச் சொன்னேன். நீக்குவதற்கு முன், எத்தனை மணிக்குப் பதிவாயிற்று, அப்போது குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டேன். படத்தை நான் சேமிக்கவில்லை, ஏனெனில் ஆதாரம் என்ற பெயரில் இன்னொரு பிரதி உருவாக வேண்டியதில்லை. நீக்கிய பிறகும், படங்கள் தாமாக இறங்கும்படி அமைத்திருந்த கைப்பேசிகளில் அது இருக்கக்கூடும். அதனால் குழுவினரிடம் தனித்தனியாகப் பேசி, இருந்தால் அழித்துவிடுமாறு கேட்டோம். படத்தில் இருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

7 அக்டோபர், செவ்வாய்

மேற்பார்வையாளர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். "48 மணி நேரத்துக்குள் எம்சி வராவிட்டால் அனுமதியில்லா விடுப்பு ஆகிவிடுமே, மேடம். எல்லாரும் குழுவில்தானே போடுகிறார்கள்?" என்றார். இந்தத் தவறான புரிதல் எங்கள் தொழிற்சாலையில் மட்டும் இருப்பதல்ல. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி, மருத்துவ விடுப்பில் இருப்பவர் அவ்விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். அது தகவல் தெரிவிப்பதற்கான காலக்கெடு. சான்றிதழின் படத்தைச் சக ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல், மன நலம் பற்றிய தகவலைத் தனியாக 'உணர்திறன் மிக்க தரவு' என்று வகுத்திருக்கிறது. அத்தகைய தரவைக் கையாள, அவரது வெளிப்படையான சம்மதம் வேண்டும். அல்லது சட்டம் ஏற்கும் வேறு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். வேலை தொடர்பாகச் சட்டம் முதலாளிக்கு விதித்துள்ள கடமையை நிறைவேற்றுவது அக்காரணங்களில் ஒன்று. விடுப்பைக் கணக்கிட மனிதவளப் பிரிவு எம்சியைப் பார்ப்பது அதில் அடங்கும். இரவு ஷிப்டுக்கு ஆள் தேடுவதற்கு அந்தக் காகிதம் தேவையே இல்லை. "இன்று ஒருவர் வரவில்லை" என்ற செய்தி மட்டும் போதும்.

9 அக்டோபர், வியாழன்

அந்தப் பெண் இன்று வேலைக்குத் திரும்பினார். அறைக்குள் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா?" என்பதுதான். அதற்கு நேர்மையான பதிலைத்தான் சொன்னேன்: மருத்துவப் பிரிவின் பெயரைப் பலர் படித்திருக்கலாம், பதிவு நீக்கப்பட்டுவிட்டது, யார் யார் குழுவில் இருந்தார்கள் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது, விரும்பினால் அவர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம், அப்படிச் செய்தால் நிர்வாகம் அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்காது. கடைசி வாக்கியத்தை நிர்வாக இயக்குநரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே சொன்னேன்.

நிர்வாக இயக்குநர், அந்த உற்பத்திப் பிரிவு முழுவதையும் கூட்டி, அவரைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று எச்சரிக்க விரும்பினார். நல்ல நோக்கம்தான், ஆனால் அந்தக் கூட்டமே, படத்தைப் பார்க்காதவர்களுக்கும் செய்தியைக் கொண்டுசேர்த்துவிடும். இதை அந்தப் பெண்ணிடமே கேட்டேன். தம் பெயரைச் சொல்லி யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றார். கூட்டம் கைவிடப்பட்டது. எம்சியை எந்தக் குழுவிலும் பகிரக்கூடாது, மனிதவளப் பிரிவின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்ப வேண்டும் என்ற பொதுவான விதி மட்டும் எல்லாப் பிரிவுகளுக்கும் போனது.

2025 ஜூன் 1 முதல் இன்னொரு கடமையும் இருக்கிறது. கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். உடல்நலத் தகவலும் அடையாள அட்டை எண்ணும் சேர்ந்து வெளியானதால், அறிவித்துவிடுவதே சரி என்று நான் வற்புறுத்தினேன். நேற்றே அனுப்பிவிட்டோம்.

14 அக்டோபர், செவ்வாய்

மேற்பார்வையாளரின் கவலை ஒன்று நியாயமானது. அந்தப் பெண் இயக்கும் இயந்திரத்தில் தூக்கக் கலக்கம் விபத்தில் முடியும். "என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியது என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டுமே. மருந்தின் பெயரைக் கொடுத்தால் அதிலிருந்து நோயை யாரும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எந்த இயந்திரத்தை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியாது.

ஆகவே அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அவருடைய பணியின் விவரத்தை மருத்துவருக்கு எழுதினேன்: நின்றபடி செய்யும் வேலை, சுழற்சி ஷிப்டு, அழுத்த இயந்திரம். நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பணித் தகுதியைப் பற்றி மட்டுமே கேட்டேன். வந்த பதிலில் மூன்றே வரிகள் இருந்தன: இரண்டு மாதங்களுக்கு இரவு ஷிப்டு கூடாது, அதுவரை அழுத்த இயந்திரம் வேண்டாம், பிறகு மறுமதிப்பீடு. மேற்பார்வையாளரிடம் போனது அந்த மூன்று வரிகளை நான் தட்டச்சு செய்த குறிப்பு மட்டுமே. மருத்துவமனையின் தலைப்புள்ள கடிதம் பூட்டிய கோப்பில் இருக்கிறது.

காசநோய் போன்ற தொற்று என்றால் சக ஊழியர்களிடம் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் அதைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பார். நெருங்கிப் பழகியவர்களைப் பரிசோதனைக்கு அழைப்பதை அந்த அலுவலகம் முன்னின்று செய்யும். நாம் செய்ய வேண்டியது, அவர்கள் கேட்கும் பட்டியலைக் கொடுத்து உதவுவது. நோயாளியின் பெயரைத் தொழிற்சாலைத் தளத்தில் அறிவிக்க அந்தச் சட்டத்தைச் சாக்காகக் காட்ட முடியாது.

24 அக்டோபர், வெள்ளி

தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது, இதுவரை யாரும் கவனிக்காத வேறொரு கசிவு கண்ணில் பட்டது. எங்கள் பேனல் கிளினிக் மாதந்தோறும் அனுப்பும் கட்டணப் பட்டியலில் ஊழியர் பெயர், தேதி, தொகை ஆகியவற்றோடு நோய்க்குறிப்புக்கும் ஒரு பத்தி இருக்கிறது. அது நேராகக் கணக்குப் பிரிவின் பொதுக் கோப்புறைக்குப் போகிறது. அந்தப் பிரிவில் பணிபுரியும் எவரும் அதைத் திறக்கலாம். வாட்ஸ்அப் படம் ஒருவரைப் பற்றியது. இது பல வருடங்களாக எல்லோரையும் பற்றியது.

கிளினிக்கிடம் பேசினேன். பணம் கொடுக்க நோய்க்குறிப்பு தேவையில்லை என்பதை அவர்களும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். நவம்பர் பட்டியலிலிருந்து அந்தப் பத்தி இருக்காது. பழைய பட்டியல்களைக் கணக்குத் தணிக்கைக்காக வைத்திருக்க வேண்டும் என்கிறது கணக்குப் பிரிவு. தொகைகளை வைத்துக்கொண்டு நோய்க்குறிப்புப் பத்தியை மட்டும் நீக்கிய பிரதிகளைத் தயாரிப்பதென்றும், அதுவரை கோப்புறையைத் திறக்கும் உரிமையை இருவருக்கு மட்டும் சுருக்குவதென்றும் இன்று முடிவானது. திங்கட்கிழமை 2019ஆம் ஆண்டுப் பட்டியல்களிலிருந்து தொடங்குகிறோம்.