தலையசைக்காத முகங்களுக்கு முன்னால்: வங்கி நேர்முகத் தேர்வுப் பதற்றத்துக்கு நாங்கள் பயின்ற விதம்

வங்கி அதிகாரிப் பணிக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில் முதன்மைத் தேர்வு வரை கணினித் திரையைப் பார்த்தே வந்துவிடுகிறோம். மனிதர்கள் எதிரே வருவது நேர்முகத் தேர்வில்தான். அதற்கு 100 மதிப்பெண்கள். பொதுப் பிரிவினர் குறைந்தது 40 விழுக்காடும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரும் மாற்றுத் திறனாளிகளும் 35 விழுக்காடும் பெற வேண்டும். இறுதித் தரவரிசையில் முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு. கணக்கு இவ்வளவுதான் என்றாலும், எழுத்துத் தேர்வில் கை நடுங்காதவர்களுக்குக்கூட இங்கே நாக்கு உலர்ந்துபோகிறது. சைதாப்பேட்டையில் பெண்கள் விடுதி ஒன்றில் என்னோடு தங்கியிருந்த தோழியும் நானும் ஒரே பருவத்தில் இதற்குத் தயாரானோம். அப்போது செய்தவற்றுள் உண்மையில் பயன்பட்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பதற்றத்துக்குக் காரணம் படிப்புக் குறைவு என்றே பலரும் நினைத்து, முந்தைய இரவு வரை நடப்புச் செய்திகளைப் புரட்டுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் காரணம் வேறு. 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வகத்திலேயே மனிதர்களுக்கு மன அழுத்தத்தை உண்டாக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். பங்கேற்பவர் வேலைக்கு விண்ணப்பித்தவர்போல ஒரு குழுவின் முன் நின்று தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து 13, 13 ஆக வாய்விட்டுக் கழித்துக்கொண்டே போக வேண்டும். குழுவினர் சிரிக்கவும் மாட்டார்கள், தலையசைக்கவும் மாட்டார்கள். பெரும்பாலோருக்கு இதயத் துடிப்பும், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் ஏறிவிடும். இந்த முறை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஆக, எதிர்வினை காட்டாத முகங்களின் முன் அமர்ந்து பேசுவதே உடலை உலுக்கப் போதுமானது. வங்கி நேர்முகக் குழுவும் பெரும்பாலும் அப்படித்தான் அமர்ந்திருக்கும். அது கோபமோ அதிருப்தியோ அல்ல, வரிசையாகப் பலரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் இயல்பான முகம்.

நண்பர்களோடு செய்யும் பயிற்சி பல நேரங்களில் பயனற்றுப் போவதற்கும் இதுவே காரணம். நண்பர் நம்மைத் தேற்றுவார், ‘ம்’ கொட்டுவார், நாம் திணறினால் சொல்லை எடுத்துக் கொடுப்பார். எங்கள் முதல் பயிற்சியில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தோழிதான் பாதியில் நிறுத்திச் சொன்னாள்: “நீ தலைய ஆட்டாதடி. நீ ஆட்டுனா எனக்குப் பேச வந்துடுது. அங்க யாரு ஆட்டப் போறாங்க?” அதன் பிறகு நான் மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்து, அவளுடைய தன்விவரப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பேசும்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகினேன். தோழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி இருப்பது எளிதன்று, சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தால் அவள் எழுந்து வெளியே போய், கதவைத் தட்டி, மறுபடியும் முதலிலிருந்து உள்ளே வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கதவைத் தட்டுவதிலிருந்து முதல் கேள்விக்கான பதில் முடிவது வரையிலான இரண்டு மூன்று நிமிடங்களைத்தான் மிகுதியாகப் பயின்றோம். பதற்றம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். அதைக் கடந்துவிட்டால் உடல் தானாகவே ஓரளவு தணியத் தொடங்குகிறது.

தோழியின் ஒரு பதில் எப்படி மாறியது என்பதை விரிவாகச் சொல்கிறேன். அவள் விழுப்புரத்துக்காரி, இயந்திரப் பொறியியல் பட்டதாரி. ‘பொறியியல் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு வருகிறீர்கள்’ என்பது அவளிடம் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி. அவள் முதலில் வைத்திருந்த பதில், பயிற்சி மையத்துக் குறிப்பேட்டிலிருந்து மனப்பாடம் செய்த ஆங்கிலப் பத்தி: சேவை மனப்பான்மை, சவாலான பணி, வளரும் துறை என்று போகும். அதன் இரண்டாவது வரியில் நான் குறுக்கிட்டு ‘என்ன சவால்’ என்று கேட்டதும் பத்தி முழுவதும் கலைந்துவிட்டது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மனப்பாடத்தின் சிக்கல் இதுதான். ஒரு சொல் விட்டுப்போனால் எல்லாம் போய்விடும் என்ற அச்சமே நெஞ்சைப் படபடக்க வைக்கிறது.

ஆகவே பத்தியைக் கைவிட்டு, அவளுடைய வாழ்க்கையிலிருந்தே மூன்று சொற்களை மட்டும் தாளில் எழுதிக்கொண்டோம்: லேத் பட்டறை, முத்ரா, கிளை. அப்பா ஊரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். புது இயந்திரத்துக்கு முத்ரா திட்டத்தில் கடன் வாங்கினார். அதற்காகக் கிளைக்கு நடந்தபோது, இயந்திரத்தின் விலைப்பட்டியலைப் புரிந்துகொண்டு பேசிய அதிகாரியை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். பொறியியல் அறிவு கடன் பிரிவில் பயன்படும் என்பதை இதிலிருந்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் வேறாக இருக்கும், மூன்று சொற்களும் அவற்றின் வரிசையும் மாறா. நேர்முகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்த முறை இன்னும் பொருந்தும். சிறிய வாக்கியங்களால் எந்த இடத்திலும் பதிலை முடித்துக்கொள்ள முடியும்.

இப்படிப் பயின்றதில் வேறொன்றும் தெரியவந்தது. நாம் சொல்லும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் அடுத்த கேள்விக்கு அழைப்பு. ‘முத்ரா’ என்றதும், அதில் எத்தனை வகை என்று கேட்பார்கள். சிசு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை தரும் தருண் பிளஸ் 2024-இல் சேர்க்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், எதிரே வரும் கேள்வி நாமே வைத்ததாகிவிடுகிறது. தெரியாத சொல்லைப் பதிலில் வைக்கக் கூடாது என்பதும் இதன் மறுபக்கம்.

இனி மூச்சு. ‘ஆழமாக மூச்சை இழுத்துவிடு’ என்று எல்லோரும் சொல்வார்கள்; அதை அப்படியே கேட்டுப் பெரிது பெரிதாக வேகமாக இழுத்தால் நிலைமை மோசமாகும். தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை லேசாகச் சுற்றும், விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துச் சிலிர்க்கும். அதை மயக்கம் வருகிறது என்று எண்ணி இன்னும் பதறுவார்கள். இதயத் துடிப்பு இழுக்கும்போது சற்று விரைவதும், விடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. ஆகவே விடும் மூச்சை நீட்டுவதே வழி. மூக்கால் நான்கு எண்ணும் வரை இயல்பான அளவில் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தோள் உயரக் கூடாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு நாம் ஏதோ செய்கிறோம் என்றே தெரியக் கூடாது. விரல் சிலிர்த்தால் அளவுக்கு மீறி இழுக்கிறோம் என்று பொருள். எண்ணுவதை விட்டுச் சாதாரணமாக மூச்சுவிட வேண்டும்.

இதைத் தேர்வன்று புதிதாகச் செய்து பயனில்லை. இரண்டு வாரம் முன்பிருந்தே, இரவில் ஐந்து நிமிடமும், ஒவ்வொரு பயிற்சி நேர்முகத்துக்கும் கதவைத் தட்டுமுன் ஒரு நிமிடமும் செய்து வந்தோம். இரண்டாவதுதான் முக்கியம்: துடிப்பு ஏறியிருக்கும்போது செய்து பழகினால்தான் அங்கேயும் கைகொடுக்கும்.

தேர்வுக்கு முந்தைய நாளை நாங்கள் படிப்புக்கு விடவில்லை. அழைப்புக் கடிதம், அடையாள அட்டை, மதிப்பெண் சான்றுகள், அசலும் நகலும், அழைப்புக் கடிதத்தில் உள்ள வரிசையிலேயே கோப்பில் அடுக்கினோம். நம் ஊரில் பெயரின் முன்னெழுத்து ஒரு சான்றில் ஓரெழுத்தாகவும், இன்னொன்றில் தந்தையின் முழுப் பெயராகவும் இருக்கும், ஓ.பி.சி. சான்று மத்திய அரசுப் படிவத்தில், உரிய தேதிக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். சான்று சரிபார்ப்பு நேர்முகத்துக்கு முன்னால் நடப்பதால், அங்கே ஏற்படும் ஒரு சிறு தடுமாற்றம் உள்ளே நுழையும்வரை கூடவே வரும். அன்றைய தினமே, மறுநாள் போக வேண்டிய அதே நேரத்துக்குப் புறநகர் ரயிலில் போய்க் கட்டடத்தின் வாசல் வரை பார்த்துவிட்டும் வந்தோம். சென்னை வெயிலில் வழி தேடி நனைந்த சட்டையோடு அமர்வதை இது தவிர்த்தது.

காத்திருப்பு நீண்டது, கடைசியாக அழைக்கப்பட்டால் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. தமக்கு முன் இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது தொடங்கினால் போதும். வெளியே வருபவரைச் சூழ்ந்துகொண்டு ‘என்ன கேட்டாங்க’ என்று விசாரிக்கும் கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி அமர்வது நல்லது. அவரிடம் கேட்டது அவருடைய ஊரையும் படிப்பையும் ஒட்டியது, நமக்கு அதனால் படபடப்புதான் மிஞ்சும். காபி பழகியவர்கள் வழக்கமான ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காத்திருக்கும்போது குடிக்கும் இரண்டாவது காபியின் படபடப்பை அச்சத்தின் படபடப்பிலிருந்து பிரித்தறிய முடியாது. நடுக்கத்துக்கென்று நண்பர்கள் தரும் புரோப்ரனலால் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நாள்கணக்கில் தூக்கமும் உணவும் கெடுமளவுக்கு அச்சம் இருந்தால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

உள்ளே அமர்ந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே: கேள்வி முடியும்போது மூச்சை முழுதாக விட்டு, பிறகு இயல்பாக இழுத்துப் பேசத் தொடங்குவது. அடைத்த மூச்சின் மேல் பேசத் தொடங்குவதால்தான் குரல் நடுங்குகிறது. முதல் வாக்கியம் ஆறேழு சொற்களுக்குள் இருக்கட்டும். நம் நடுக்கம் அவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நமக்குத் தோன்றும். நாம் எண்ணும் அளவுக்கு அது பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை 2003-இல் வெளியான உளவியல் ஆய்வொன்று சோதனைகளால் காட்டியது. நாங்கள் பயிற்சியைக் கைபேசியில் பதிவுசெய்து பார்த்தபோதும், தோழி ‘உளறிவிட்டேன்’ என்ற இடத்தில் ஒரு சிறிய இடைவெளி மட்டுமே இருந்தது.

விடை தெரியாத கேள்வி நிச்சயம் வரும். அதற்கும் பயிற்சி வேண்டும்: வேண்டுமென்றே அவளுக்குத் தெரியாததைக் கேட்பேன், அவள் ‘மன்னிக்கவும் ஐயா, எனக்குத் தெரியவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் விளக்கமோ ஊகமோ கூடாது. உடனே அடுத்த கேள்வியை, முந்தையதோடு தொடர்பில்லாததாக, நான் கேட்டுவிடுவேன். தொடக்கத்தில் அந்த அடுத்த கேள்விக்குத் தெரிந்த விடையையும் அவள் தவறவிட்டாள், மனம் முந்தையதிலேயே நின்றிருந்ததால். பேனாவை மேசையில் வைத்துவிட்டு மூச்சை விடுவது என்று ஒரு செயலைச் சேர்த்துக்கொண்ட பிறகு அது குறைந்தது. பேனா அனுமதிக்கப்படாத அறையில் மடியிலிருக்கும் கையைப் பிரித்து வைத்தாலும் போதும்.