பழைய சட்டையைப் பிரித்து: வெளித்தையல், பிசிர் விளிம்பு, சமச்சீரில்லாத ஓரம்

1981-ல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் பாரிஸில் முதன்முறை காட்சி வைத்தபோதும், 1988-ல் பெல்ஜிய வடிவமைப்பாளர் மார்டின் மார்ஜியெலா தன் ஆடை நிறுவனத்தைத் தொடங்கியபோதும், தையற்காரர்கள் வழக்கமாக உள்ளே மறைப்பதெல்லாம் ஆடையின் முகத்துக்கு வந்தது. தையலுக்கு விட்ட துணி, மடிக்காத விளிம்பு, இடமும் வலமும் ஒத்துப்போகாத வெட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. அப்படி ஓர் ஆடையைச் செய்ய எடுத்துக்கொண்டது, வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிய பருத்திச் சட்டை. பார்த்தால் கத்தரிக்கோல் வேலை என்று தோன்றும். உண்மையில் பெரும்பகுதி நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கும் வேலைதான்.

முதல் கட்டம் சோதனைத் துண்டு. மீந்த துணியில் 10 செ.மீ. சதுரங்கள் இரண்டு வெட்டினோம். ஒன்று நூலோட்டத்தோடு நேராக, மற்றொன்று 45 பாகையில் கிராஸாக. இரண்டிலும் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே, 2 மி.மீ. தையல் நீளத்தில் ஒரு வரி ஓட்டித் துவைத்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. நேராக வெட்டியதில் விளிம்புக்கு இணையான நூல்கள் ஒவ்வொன்றாக விழுந்து, எதிர்த்திசை நூல்கள் குஞ்சமாகத் தொங்கின. பிசிர் தையல் வரியோடு நின்றது. கிராஸாக வெட்டியதில் எந்த நூலும் முழுசாகக் கழன்று வர முடியாததால் இலேசாகப் பஞ்சுபோல் ஆனதோடு சரி. தையல் வரி இல்லாமல் விட்டால் நேர்விளிம்பு ஒவ்வொரு துவைப்பிலும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

சட்டையின் அடி ஓரம் ஏமாற்றும் இடம். அது வளைவாக இருக்கும். மடிப்பை வெட்டி எடுத்துப் பிசிரவிட்டால், துணியின் குறுக்கே ஓடும் ஊடு நூலுக்கு இணையாகப் போகும் நடுப்பகுதியில் நீளக் குஞ்சமும், சரிவான பக்கங்களில் ஒன்றுமில்லாமலும் வரும். ஒரே சீரான குஞ்சம் வேண்டுமென்றால் வளைவை விட்டுவிட்டு ஊடு நூல் ஒன்றை உருவி, அது விட்ட கோட்டிலேயே வெட்ட வேண்டும். கண்ணால் மட்டம் பார்த்து வெட்டினால் கோடு நூலைவிட்டு விலகி, குஞ்சம் ஒரு பக்கம் குட்டையாகிவிடும்.

அடுத்தது பக்கத் தையல். சட்டைகளில் இது பெரும்பாலும் விளிம்புகளை உள்ளே மடித்து மறைக்கும் இரட்டை மடிப்புத் தையல். தையல் பிரிப்பானால் பொறுமையாகப் பிரித்து, துணியின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் திரும்பத் தைத்தால் விளிம்புகள் வெளியே வரும். பிசிருக்கும் இடம் வேண்டும் என்பதால் 2 செ.மீ. விட்டோம். முன்பு போனதைவிட ஒவ்வொரு விளிம்பிலும் சுமார் 1 செ.மீ. அதிகம். நான்கு விளிம்புக்கு மார்புச் சுற்றளவில் 4 செ.மீ. குறையும். பெரிய சைஸ் எடுத்தது இதற்காகத்தான். முதல் வரியிலிருந்து 3 மி.மீ. வெளியே இன்னொரு வரி ஓட்டினால், ஒன்று தளர்ந்தாலும் தையல் விடாது. பிறகு இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட வேண்டும். இதை விட்டால் விளிம்புகள் கசங்கி நிற்கும், அரைகுறை வேலையாகவே தெரியும். பழைய ஊசித் துளைகளும் நிறம் மங்காத கோடும் அந்த விளிம்பில் தெரிவது இந்த வகை ஆடைக்கு அழகு என்றே கருதுகிறோம்.

சமச்சீரின்மைதான் அதிகம் கெடும் இடம். இடது முன்பக்கத்தை முழுசாக மேலே தூக்கிப் பொருத்தினால், தோளிலிருந்து அடிவரை சாய்வான இழுவைச் சுருக்கம் விழும். துணி தொங்குவது தோளிலிருந்து என்பதால் அங்கே சமநிலை போனால் கீழே எதைத் திருத்தியும் பயனில்லை. எனவே கழுத்தும் தோளும் மார்பும் இருந்தபடியே இருக்கட்டும். மாற்றமெல்லாம் மார்புக்குக் கீழே. இந்தச் சட்டையில் இடப்பக்க அடியில் 12 செ.மீ. உயரத் துண்டு ஒன்றை, அதே வெளித்தையலில் சேர்த்தோம். வேறுபாடு 2 செ.மீ. அளவில் இருந்தால் பிழையாகத் தெரியும், 6 செ.மீ. தாண்டினால்தான் வேண்டுமென்றே செய்தது என்று கண் ஏற்கும்.

கூடுதல் துண்டின் எடை கழுத்தை இடப்பக்கம் இழுக்கும். போட்டுப் பார்த்து, காலரின் நடு முதுகெலும்பிலிருந்து விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால், இடத் தோள் தையலிலும் பின் கழுத்திலும் நீளாத பருத்தி நாடா வைத்துத் தைப்பது தோள் நீண்டு தொங்குவதைத் தடுக்கும். அப்படியும் நிற்காவிட்டால் துண்டைச் சற்று மெல்லிய துணியில் மாற்ற வேண்டும்.

கைக்குழிதான் மிச்சம். வளைவு என்பதால் வழக்கமாக விளிம்பில் சிறு வெட்டுகள் கொடுப்பார்கள். வெளியே தெரியும் விளிம்பில் அந்த வெட்டுகள் பிசிர்ந்து தையல்வரை ஓடிவிடும். அதனால் இங்கே வெட்டே வேண்டாம்; விடும் துணியை 1 செ.மீ. ஆகக் குறைத்தால் போதும்.