தெர்மாமீட்டரில் 99.2

ஜனவரி 8, 2025, புதன்

சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் காலைக் கூட்டம் குறைந்துவிடும். முடியாதவர்கள் மட்டும் வருவார்கள். இன்று மதியம் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எண்பது வயதுப் பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். (வீட்டாரின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

மருமகள் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் மூளை ஸ்கேன் படம், சர்க்கரை ரிப்போர்ட், யூரின் ரிப்போர்ட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். "ஸ்கேன்ல ஒன்னுமில்லைன்னுட்டாங்க. யூரின்ல கிருமின்னு மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டு நாளா போடுறோம், இன்னும் உளறிக்கிட்டேதான் இருக்காங்க டாக்டரம்மா. காய்ச்சலும் இல்லை. வயசாயிடுச்சு, மூளை மழுங்குது, அவ்வளவுதான்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க."

எந்த நாளிலிருந்து இப்படி என்று கேட்டேன். தேதியே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதியோர் உதவித்தொகைப் பணத்தைச் சரியாக எண்ணி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, வெற்றிலையைக் கையில் எடுத்து, சுண்ணாம்பும் தடவிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "அத்தை, மடிங்க" என்றால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இலையையே பார்த்திருக்கிறார். சோறு இறங்கவில்லை. ஞாயிறு இரவு கொல்லைப்புறம் போகும்போது விழுந்திருக்கிறார்.

ஞாபகமறதி நோய் வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் வந்து உட்காராது. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. ஒரே இரவில் ஆள் மாறினால் அது டெலிரியம். உடம்பில் வேறு எங்கோ நடக்கும் கோளாறு மூளை வழியாக வெளியே தெரிகிறது என்று பொருள்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சின்ன சோதனை செய்தேன். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். "சனி... வெள்ளி... வெள்ளிக்கிழமை நடவுக்கு ஆள் வரலை." அதோடு நின்றுவிட்டார். விரல்கள் போர்வையின் ஓரத்தை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தன. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், நாற்று முடி அவிழ்க்கிறாராம். நடவுப் பாட்டில் பேர் வாங்கியவர் என்று மருமகள் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கிழமைகள் தெரியும், அதனால் இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும். பதில் சரியா தப்பா என்பது முக்கியமில்லை. ஒரு வேலையில் கவனத்தை நிறுத்தி வைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

வாய் வழியாகப் பார்த்த வெப்பம் 99.2. நாடி 84. அப்புறம் புடவை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணினேன். 28. ஆக்சிஜன் 91.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். எந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும் 18 அல்லது 20 என்றே இருக்கும். உலகத்தில் உள்ள எல்லோரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள் போலிருக்கிறது. வயதானவரிடம் நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டினால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெஞ்சைப் பார்த்தாக வேண்டும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. ஐந்து நாளில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஜனவரி 9, வியாழன்

ரத்த ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் 9,400. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தொற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில் பாக்டீரியாவோடு சண்டையிடும் நியூட்ரோஃபில் வகை 86 சதவீதம், அது வழக்கத்தைவிட அதிகம். யூரியா 58, சோடியம் 128. சோடியம் இறங்கியதும் குழப்பத்துக்கு ஒரு காரணம்தான். நிமோனியாவே சோடியத்தை இறக்கும், அதோடு சாப்பிடாமலும் கிடந்திருக்கிறார். நேற்றிலிருந்தே செஃப்ட்ரியாக்சோன் ஊசி, அசித்ரோமைசின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே ஆக்சிஜன்.

மகன் திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டார். நியாயமான கேள்வி கேட்டார்: "நிமோனியான்னா காய்ச்சல் அடிக்கணும்ல?"

முப்பது வயதுக்காரருக்கு அடிக்கும். கிருமி நுழைந்ததும் தற்காப்பு அணுக்கள் சில வேதிப்பொருட்களை விடுகின்றன. மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் அதைக் கேட்டுச் சூட்டைக் கூட்டுகிறது. தசை நடுங்குகிறது, தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கின்றன. வயதாக ஆக இந்த ஒவ்வொரு படியும் மந்தமாகிறது. கடுமையான தொற்று வந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், காய்ச்சல் குறைவாகவே தெரியும் அல்லது தெரியவே தெரியாது.

இது இயற்கையாக நடப்பது. பாட்டி விஷயத்தில் அதற்கு மேல் இன்னும் சில திரைகள் இருந்தன. மூட்டு வலிக்குக் காலையும் இரவும் ஒரு மாத்திரை போடுகிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. அதாவது தினமும் இரண்டு வேளை காய்ச்சல் மருந்து. பி.பி.க்கு மெட்டோபுரோலால், அது நாடித் துடிப்பை ஏறவிடாது, அதனால்தான் 84. முதலில் பார்த்த இடத்தில் வெப்பத்தை அக்குளில் பார்த்திருக்கிறார்கள். அதுவும் காலை மாத்திரை போட்டபிறகு. அங்கே 98 இருந்ததில் ஆச்சரியமில்லை.

சனிக்கிழமையே பக்கத்துத் தெருவில் ஒருவர் "தூங்கினால் சரியாகும்" என்று ஏவில் ஊசி போட்டிருக்கிறார். அலர்ஜிக்கான அந்த மருந்து வயதானவரின் குழப்பத்தை இன்னும் ஏற்றிவிடும். அன்று பகல் முழுக்கத் தூங்கி, ராத்திரி முழுக்க எழுந்து உட்கார்ந்திருக்கிறார். காற்றுக் கருப்பு என்று மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடித்ததையும் மகன் கூச்சத்தோடு சொன்னார். அதில் போனது அரை மணி நேரம். ஸ்கேனுக்கு அலைந்ததில் ஒரு முழு நாள் போயிருக்கிறது. விழுந்தவருக்கு ஸ்கேன் எடுத்தது சரிதான். அது நார்மல் என்று வந்தபிறகு வேறு இடத்தில் தேடாததுதான் பிரச்சினை.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. நர்ஸ்களில் பாதிப் பேர் விடிகாலையில் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள்.

இங்கே எடுத்த யூரின் கல்ச்சர் முடிவு வந்தது. ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். மகன், "அப்ப முதல்ல பார்த்தவங்க யூரின்ல கிருமின்னு சொன்னது சரிதானே?" என்றார். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் முதியவர்களின் நோய் பிடிபடாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம், படித்தவர்களும் இதில் விழுகிறார்கள்.

வயதான பெண்களில் பலருக்கு மூத்திரத்தில் பாக்டீரியா எப்போதும் குடியிருக்கும். வீட்டில் நடமாடிக்கொண்டு நன்றாக இருப்பவர்களிலேயே பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும், முதியோர் இல்லங்களில் இன்னும் அதிகம். எரிச்சல் இல்லை, அடிவயிற்று வலி இல்லை, புதிதாக அடிக்கடி போகும் தொந்தரவு இல்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். நோயே இல்லை. குழம்பிப்போன எந்தப் பாட்டிக்கு யூரின் டெஸ்ட் எடுத்தாலும் இது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிடைத்ததும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும், காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. அத்தோடு தேடல் நின்றுபோகும். எரிச்சலும் வலியும் காய்ச்சலும் இல்லாத முதியவருக்கு யூரினில் கிருமி மட்டும் இருந்தால், உடனே ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் வேறு காரணங்களைத் தேடி, கவனித்து வாருங்கள் என்று அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர்கள் சங்கம் 2019-இல் வழிகாட்டுதலாகவே வெளியிட்டது.

இவருக்குக் கொடுத்த மாத்திரை நைட்ரோஃபுரன்டாயின். மூத்திரப் பைத் தொற்றுக்கு நல்ல மருந்து. ஆனால் அது சிறுநீரில் மட்டும்தான் போதிய அளவு சேரும், ரத்தத்திலும் நுரையீரலிலும் சேராது. ஆகவே இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும், நிமோனியாவைப் பொறுத்தவரை அவருக்கு வைத்தியமே நடக்கவில்லை. கிருமிக்கு மருந்து போகிறதே என்று வீட்டிலும் பொறுத்திருந்தார்கள்.

எரிச்சல் இல்லை என்று பாட்டி சொல்வதை நம்பலாமா என்றும் கேட்கலாம். குழம்பியிருப்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாதுதான். அதனால் அடிவயிற்றையும் விலாவையும் அழுத்திப் பார்த்தோம், முகம் சுளிக்கவில்லை. மூத்திரம் தேங்கவும் இல்லை. நெஞ்சில் கண்கூடாக ஒன்று இருக்கிறது. சரி, கல்ச்சரை அப்படியே விட்டுவிட்டோம்.

ஜனவரி 12, ஞாயிறு

மூச்சு 20-க்கு வந்துவிட்டது, ஆக்சிஜனை எடுத்தாயிற்று. ஆனால் குழப்பம் தீரவில்லை. பகலில் மகனை அடையாளம் தெரிகிறது, ராத்திரியில் அவரையே "நீ யாருப்பா, வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சா?" என்று கேட்கிறார். மகன் பயந்துபோய், தூக்க ஊசி போடச் சொன்னார். போடவில்லை. தொற்று இறங்கிய பிறகும் டெலிரியம் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இருக்கும். அதற்குச் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள்: மூக்குக் கண்ணாடியை வீட்டிலிருந்து கொண்டுவருவது, ஜன்னல் பக்கக் கட்டில், பகலில் உட்கார வைப்பது, மூத்திரக் குழாய் போடாமலிருப்பது, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது.

மருமகள் வந்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறார். மகன் இருந்தால் இல்லை. மகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜனவரி 13, திங்கள்

போகி. புகை. மூச்சிரைப்பு கேஸ்கள் வரிசையாக. பாட்டி இன்று கிழமைகளை சனியிலிருந்து செவ்வாய் வரை தலைகீழாகச் சொன்னார். பொங்கலுக்கு வீட்டுக்குப் போக வேண்டுமாம். நாளை அனுப்பலாம் என்றேன்.

ஜனவரி 29, புதன்

மறுபரிசோதனைக்கு நடந்தே வந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்.

போகும்போது ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தேன். மூட்டு வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, காலை மாலை வெப்பத்தை எழுதி வரச் சொன்னேன். மருமகள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தாள். எல்லாம் 96.8-இலிருந்து 97.2-க்குள். அவருடைய சொந்த அளவு 97 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அன்று காட்டிய 99.2 இவருக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றம். முதியவர்களிடம் சொந்த அளவிலிருந்து இரண்டு டிகிரி பாரன்ஹீட் ஏறினாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். காய்ச்சல் இருந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் பழைய எண் இல்லை. பி.பி.யும் சர்க்கரையும் எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் "சாதாரண வெப்பம் 97, வாய் வழி" என்று எழுதிக் கொடுத்தேன். மூட்டுக்கு, வலிக்கும்போது மட்டும் வெறும் பாராசிட்டமால். போடுவதற்கு முன் தெர்மாமீட்டர்.

மருமகள் கிளம்பும்போது, "ஞாபகமறதி நோயும் இருக்குமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். வெள்ளிக்கிழமை பணம் எண்ணியவர் என்பதால் பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் முதுமையில் டெலிரியம் வந்தவர்களில் சிலருக்கு அடியில் லேசான மறதி ஏற்கெனவே இருந்திருக்கும், சிலருக்கு இதற்குப் பிறகு தொடங்கும். இப்போது சோதித்தால் மிச்சக் குழப்பமும் சேர்ந்து தப்பான முடிவு வரும். ஏப்ரல் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மறுபடி ஒருநாள் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தால், ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மூச்சை எண்ணிவிட்டுப் போன் செய்யச் சொன்னேன். ஒரு நிமிடம் எப்படி எண்ணுவது என்று மகனுக்குக் காட்டிக் கொடுத்தேன். அவர் முதல் தடவை தன் மூச்சையும் சேர்த்து எண்ணி 34 என்றார். இரண்டாம் தடவை 18.