கிண்ணத்து நாணயமும் தடுக்கப்பட்ட கதிரும்

ஒளிவிலகல் பாடத்தைக் கிண்ணத்து நாணயத்தில் தொடங்காத அறிவியல் ஆசிரியர் அரிது. ஒளிபுகாக் கிண்ணத்தின் அடியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விளிம்புக்குப் பின்னால் மறையும் வரை மாணவரைப் பின்வாங்கச் செய்து, பிறகு தண்ணீர் ஊற்றினால் நாணயம் மெல்லத் தெரியத் தொடங்கும். இதைப் பல ஆண்டுகள் நடத்தியதில் நான் கண்டது, செயல்பாடு எளிது, அதன் கதிர்ப்படம்தான் கடினம் என்பதே.

பெரும்பாலான மாணவர்கள் வரையும் படத்தில், கிண்ணத்தின் சுவரில் முட்டி நின்ற அதே கதிர், தண்ணீர் வந்தபின் விளிம்பைத் தாண்டி வளைந்து கண்ணை அடைகிறது. உண்மையில் அந்தக் கதிர் தண்ணீர் வந்தபிறகும் சுவரில்தான் முட்டுகிறது. கண்ணை அடைவது வேறொரு கதிர். நாணயத்திலிருந்து அதைவிடச் செங்குத்தாகக் கிளம்பி, முன்பு கண்ணுக்கு மேலே கடந்து போய்க்கொண்டிருந்த அது, இப்போது நீர்ப்பரப்பில் செங்குத்துக்கோட்டை விட்டு விலகிச் சாய்ந்து கண்ணுக்குள் நுழைகிறது. நாணயத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் கதிர்கள் கிளம்புகின்றன என்பதைப் படத்தில் முதலில் பல கோடுகளாகப் போட்டுக் காட்டாமல், ஒரே கோட்டில் விளக்கத் தொடங்கினால் இந்தக் குழப்பம் கடைசி வரை தீராது.

இதற்கு நான் வரைபடத்தாளைப் பயன்படுத்துகிறேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4/3 என்பதால், 3, 4, 5 என்ற பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் அளவுக்கு ஒத்துவருகிறது, கோணமானி தேவையில்லை. நீருக்குள் கதிர் 4 கட்டம் மேலே போக 3 கட்டம் பக்கவாட்டில் நகர்ந்தால் படுகோணத்தின் சைன் 0.6, காற்றில் 3 கட்டம் மேலே போக 4 கட்டம் நகர்ந்தால் விலகுகோணத்தின் சைன் 0.8. இரண்டின் விகிதம் சரியாக 4/3.

சுவர் 8 செ.மீ. உயரமும் செங்குத்தாகவும் உள்ள கிண்ணம், மாணவர் பக்கச் சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி நாணயத்தின் மையம், 6 செ.மீ. தண்ணீர் என்று எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து கிளம்பும் கதிர் நீர்ப்பரப்பை அடையும்போது 4.5 செ.மீ. நகர்ந்திருக்கும். அங்கே சாய்ந்து காற்றில் சென்று சுவரை எட்டும்போது அதன் உயரம் சுமார் 8.6 செ.மீ.; விளிம்பைத் தாண்டிவிடுகிறது. இதே கோட்டை நீட்டினால், நாணயத்தின் மையத்திலிருந்து 20.5 செ.மீ. தள்ளி, அடித்தளத்திலிருந்து 18 செ.மீ. உயரத்தில் கண் இருக்கலாம். அந்தக் கண்ணுக்கும் நாணயத்துக்கும் நேர்கோடு போட்டுப் பார்த்தால், அது சுவரில் 7 செ.மீ. உயரத்தில் முட்டுகிறது. தடைப்பட்ட கதிரும் வந்துசேர்ந்த கதிரும் வெவ்வேறு என்பது ஒரே தாளில் தெரிந்துவிடுகிறது.

விலகு கதிரைப் பின்னோக்கிப் புள்ளிக்கோடாக நீட்டுவது அடுத்த படி. ஒரு கோடு நாணயம் எந்தத் திசையில் தெரிகிறது என்பதை மட்டுமே சொல்லும். மாயபிம்பம் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு கதிர்களாவது வேண்டும். நேர் மேலிருந்து பார்க்கும் நிலைக்கு இரண்டு கதிர்களை வரைந்தால், 6 செ.மீ. ஆழம் 4.5 செ.மீ. ஆகத் தெரிவது கிடைக்கும். தோற்ற ஆழத்துக்கான அந்தச் சூத்திரம் செங்குத்துப் பார்வைக்கு உரியது; கிண்ணத்துக்கு வெளியே சாய்வாக அமர்ந்திருக்கும் மாணவருக்கு நாணயம் அதைவிடவும் உயர்ந்தே தெரியும். பாடநூல் சூத்திரத்தை இந்தச் செயல்பாட்டோடு நேரடியாகப் பொருத்துவது தவறு என்பதால், இரண்டையும் தனித்தனியாகவே நடத்துகிறேன்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நாணயத்தை மெழுகாலோ பசைநாடாவாலோ அடியில் ஒட்ட வேண்டும். ஊற்றும் நீர் அதைச் சிறிதளவு தள்ளினாலும் சோதனை கெட்டுவிடும். அதைவிட முக்கியமானது தலையின் அசைவு. மேற்சொன்ன அளவுகளில் 2.4 செ.மீ. விட்டமுள்ள நாணயம் வறண்ட கிண்ணத்தில் முழுவதும் மறைந்திருக்கும். ஆனால் கண் 1 செ.மீ. உயர்ந்தாலே அதன் எதிர்ப்பக்க ஓரம் தண்ணீர் இல்லாமலே எட்டிப் பார்க்கும். ஆர்வத்தில் பிள்ளைகள் தம்மை அறியாமலே எம்பிவிடுவார்கள். ஆகவே துளையிட்ட அட்டை ஒன்றைத் தாங்கியில் பொருத்தி, அதன் வழியாகவே பார்க்கச் செய்கிறேன். நீரை ஒரு குழாயால் உறிஞ்சி வெளியேற்றும்போது நாணயம் மீண்டும் மறைந்தால், கண் அசையவில்லை என்று நம்பலாம்.

அதன்பின் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்பே, எந்த மட்டத்தில் எது தெரியும் என்று படத்திலிருந்து சொல்லச் சொல்கிறேன். கண்ணிலிருந்து விளிம்பைத் தொட்டுச் செல்லும் கோட்டை நீருக்குள் தொடர்ந்து வரைந்தால், சுமார் 1.5 செ.மீ. நீரில் எதிர்ப்பக்க ஓரமும், 4 செ.மீ. நெருங்கும்போது பாதி நாணயமும், ஏறத்தாழ 6 செ.மீ. நீரில் முழு நாணயமும் தெரிய வேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டிய அளவுகோல் பட்டையில் ஒருவர் மட்டத்தைப் படிக்க, துளைவழியே பார்ப்பவர் “ஓரம்”, “பாதி”, “முழுசு” என்று குரல் கொடுப்பார். எண்கள் அரை சென்டிமீட்டருக்கு மேல் விலகினால், நான் பதில் சொல்லாமல், துளையின் உயரத்தை மறுபடி அளக்கச் சொல்கிறேன்.