லண்டன்ல இருக்குறவருக்கு மும்பை சர்வர் முகவரி ஏன் போச்சு: டிஎன்எஸ்ஸை ஊருக்கு ஊர் பிரிச்ச கதை

நாங்க நடத்துறது ஆன்லைன் வீணை, வாய்ப்பாட்டு கிளாஸ். படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் தமிழ்நாடு, மீதிப்பேர் டொராண்டோ, லண்டன், அங்கங்க துபாய், சிட்னி. சர்வர் ஒண்ணே ஒண்ணுதான், மும்பைல. சென்னைல இருந்து பிங் போட்டா 30 மில்லிசெகண்டுக்குள்ள வந்துரும். டொராண்டோ டீச்சர் ஒருத்தங்க அவங்க வீட்டுல இருந்து போட்டு அனுப்புனாங்க, 210. ஒரு தடவைக்கு 210 தானேன்னு விடமுடியாது, ஏன்னா டிசிபி கனெக்‌ஷனுக்கு ஒரு தடவை, டிஎல்எஸ்க்கு ஒரு தடவை, பேஜ் கேக்குறதுக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை போய்ட்டு வந்தாதான் முதல் எழுத்தே வரும், அதுக்கே 630 ஆயிடுது.

அதனால லண்டன்ல ஒண்ணு, கனடா மாண்ட்ரியல்ல ஒண்ணுன்னு ரெண்டு சர்வர் சேத்தோம். ஃபீஸ், அட்டெண்டன்ஸ் மாதிரி எழுதுற வேலை எல்லாம் மும்பைக்கே போகும், பேஜும் பாட்டு ஆடியோவும் மட்டும் பக்கத்து சர்வர்ல இருந்து வரணும். பேர் ஒரே பேர்தான், கேக்குற ஆள் எங்க இருக்காரோ அதுக்கு ஏத்த ஐபியை டிஎன்எஸ் குடுக்கணும். நாங்க வச்சிருந்தது அமேசானோட டிஎன்எஸ் சேவையான ரூட் 53.

முதல்ல ஜியோலொகேஷன் ரெக்கார்டுதான் போட்டேன். ஆசியாவுக்கு மும்பை, ஐரோப்பாவுக்கு லண்டன், வட அமெரிக்காவுக்கு மாண்ட்ரியல். அன்னைக்கு ராத்திரியே சிட்னில இருந்து ஒரு அம்மா மெசேஜ், தம்பி சைட்டே ஓபன் ஆகலப்பான்னு. ஸ்லோன்னு சொல்லல, ஓபனே ஆகல. அவங்க பையன் dig போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனான், status: NOERROR, ஆனா ANSWER: 0. அதாவது அப்படி ஒரு பேர் இருக்கு, உனக்குக் குடுக்க ஐபிதான் இல்லைன்னு பதில். நான் மூணு கண்டத்தை எழுதிட்டு, மத்த எல்லாருக்கும்னு டிஃபால்ட் ரெக்கார்டு போடவே இல்ல. எந்த ரெக்கார்டுலயும் சேராத ஆளுக்கும், எந்த ஊர்னே கண்டுபிடிக்க முடியாத ஐபிக்கும் இப்படி வெறும் பதில்தான் போகும். உடனே டிஃபால்ட்டை மும்பைக்குப் போட்டேன், ஆனா அவங்களுக்கு அப்பவும் வரல. "இல்லை"ங்கிற பதிலையும் நமக்காக டிஎன்எஸ்ல கேட்டு வாங்கித் தர்ற ரிசால்வர் ஞாபகம் வச்சுக்கும், எவ்ளோ நேரம் வச்சுக்கணும்னு நம்ம ரெக்கார்டுல எழுதுற டிடிஎல் அதுக்குச் செல்லாது, மொத்த டொமைனுக்கும் பொதுவான எஸ்ஓஏ ரெக்கார்டுல இருக்குற கணக்குதான். எங்களது 900 செகண்ட், கால் மணி நேரம் கழிச்சுதான் சிட்னிக்குத் திறந்துச்சு.

அப்புறம் யோசிச்சா மேப்ல பக்கம் வேற, கேபிள்ல பக்கம் வேற. கண்டத்தை வச்சுப் பிரிக்கிறது எனக்குச் சரியாப் படல, லேட்டன்சி முறைக்கு மாத்துனேன். அதுல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ap-south-1, eu-west-2, ca-central-1ன்னு ரீஜன் மட்டும் எழுதணும், எந்த நெட்வொர்க்ல இருந்து எந்த ரீஜனுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அவங்க ஏற்கனவே அளந்து வச்சதைப் பாத்துப் பதில் குடுப்பாங்க. ஒண்ணு கவனிங்க, நம்ம சர்வரை யாரும் அளக்குறது இல்ல, ரீஜனைத்தான் அளக்குறாங்க. இன்னொண்ணு, ஒரே பேருக்கு ஜியோலொகேஷனும் லேட்டன்சியும் சேத்து வைக்க விடாது, பழசை அழிச்சுட்டுதான் புதுசு போடணும். அழிக்கிறது, போடுறது ரெண்டையும் ஒரே சேஞ்ச் பேட்ச்ல அனுப்பிட்டா நடுவுல பேர் இல்லாம போற நேரமே வராது.

டொராண்டோ உடனே சரியாச்சு, பிங் 12. ஆனா லண்டன்ல வேலை பாக்குற ஒரு அண்ணன், அவருக்கு மட்டும் முன்ன இருந்த அதே ஸ்லோ. இதுலதான் எனக்கு ரெண்டு நாள் போச்சு.

சர்வர் மூணுக்கும் தனித்தனிப் பேரும் வச்சிருந்தேன். அண்ணே, lon-க்கு ஒரு பிங், www-க்கு ஒரு பிங் போடுங்கன்னேன். lon 9 மில்லிசெகண்ட், www 125. லைன் நல்லாத்தான் இருக்கு, அவர் வீட்டுப் பக்கத்துலயே சர்வர் இருக்கு, ஆனா www-ன்னு கேட்டா மும்பை ஐபி வருது. அப்ப பதில் குடுக்குற இடத்துலதான் கோளாறு. அவர் லேப்டாப்ல இதை அடிக்கச் சொன்னேன்:

```
nslookup -type=txt o-o.myaddr.l.google.com
```

இந்தப் பேரைக் கேட்டா, நம்ம சார்பா கேள்வி கொண்டு வந்த ரிசால்வர் யாருன்னு அதோட ஐபியையே பதிலா குடுக்கும். வந்த ஐபியை whois-ல பாத்தா பெங்களூரு. கம்பெனி லேப்டாப், ஆபீஸ் விபிஎன் ஓடிட்டு இருக்கு, சாதாரண ட்ராஃபிக் நேரா லண்டன் லைன்ல போகுது, டிஎன்எஸ் கேள்வி மட்டும் பெங்களூரு ஹெட் ஆபீஸ் ரிசால்வர் வழியா போகுது. நம்ம நேம்சர்வர் அந்த அண்ணனைப் பாக்கவே இல்ல, அது பாத்தது பெங்களூரு ரிசால்வரை, அதுக்குப் பக்கம் மும்பை, அதனால மும்பை. அது கணக்குல தப்பே இல்ல.

இதுக்குத்தான் ஈடிஎன்எஸ் கிளையன்ட் சப்நெட்னு ஒண்ணு இருக்கு, ரிசால்வர் கேள்வியோட சேத்து ஆளோட ஐபில முதல் மூணு எண்ணை அனுப்பும், கடைசி எண்ணை மறைச்சுரும். கூகுளோட 8.8.8.8 அனுப்புது. 1.1.1.1 பிரைவசிக்காக அனுப்புறது இல்ல, ஆனா அதுக்கு ஊர் ஊரா சர்வர் இருக்குறதால பெரும்பாலும் பக்கத்துல இருந்தே கேள்வி வரும், பிரச்சினை கம்மி. பெங்களூரு ரிசால்வர் அனுப்பவும் இல்ல, பக்கத்துலயும் இல்ல.

லண்டன்ல இருந்து அனுப்பியிருந்தா என்ன வரும்னு நான் சென்னைல உக்காந்தே பாத்தேன், நேரா நம்ம நேம்சர்வரையே கேக்கணும்:

```
dig +subnet=198.51.100.0/24 www.example.com @ns1.example.net
```

சப்நெட் இடத்துல அவர் வீட்டு லைன் சப்நெட்டைக் குடுத்தேன், லண்டன் ஐபி வந்துச்சு. பதில்ல CLIENT-SUBNET-ன்னு ஒரு வரி வரும், அதுல ரெண்டாவது சாய்வுக் கோட்டுக்கு அப்புறம் 0 இருந்தா நம்ம குடுத்த சப்நெட்டைப் பாக்காமலே பதில் குடுத்துட்டான்னு அர்த்தம். எங்களுக்கு 24 வந்துச்சு, அப்போ ரெக்கார்டு சரி.

அவர் ஆபீஸ் ரிசால்வரை நான் மாத்தமுடியாது, விபிஎன்னை நிறுத்துங்கன்னு சொல்றதும் நியாயம் இல்ல. அதனால ப்ளேயர்ல ஒரு சின்ன வேலை பண்ணேன். பேஜ் வந்ததும் மூணு சர்வரோட தனிப்பேர்ல இருந்தும் ஒரு குட்டி ஃபைலை எடுத்துப் பாத்து, எது முதல்ல வருதோ அங்க இருந்து ஆடியோ எடுத்துக்கும். முதல் பேஜ் அவருக்கு மும்பைல இருந்துதான் வருது, பாட்டு லண்டன்ல இருந்து வருது.

டிடிஎல்லை 60 செகண்ட்ல வச்சிருக்கேன். ஹெல்த் செக் 30 செகண்டுக்கு ஒரு தடவை, மூணு தடவை தவறுனா அந்த சர்வரை எடுத்துரும், அப்போ 90 கூட 60, ரெண்டரை நிமிஷத்துல எல்லாரும் மாறணும். லண்டன் சர்வரை அப்டேட்டுக்காக எடுத்தப்ப லாக் பாத்துக்கிட்டே இருந்தேன், முக்காவாசிப் பேர் மூணு நிமிஷத்துக்குள்ள போய்ட்டாங்க, மிச்சம் சில ஐபி அரை மணி நேரம் வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு, டிடிஎல்லை மதிக்காத ரிசால்வரோ திறந்தே கிடக்குற ப்ரவுசரோ தெரியல. அதுல இருந்து டிஎன்எஸ்ல எடுத்தாலும் லாக் அமைதியாகுற வரைக்கும் என்ஜின்எக்ஸை நிறுத்துறது இல்ல.