பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம்

மாங்குளத்துக்குக் கிழக்கே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் கிறவல் பாதையின் ஓரத்தில் உள்ளது அந்தக் குளம். இரணைமடு மாதிரிப் பெருங்குளம் அல்ல, ஒரு கிராமத்தின் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னக் குளம். அதைப் புனரமைக்கும் வேலையை கமக்காரர் அமைப்பு செய்தது. நான் வேலை பார்த்த நிறுவனம் பணம் கொடுத்தது, செலவுத் தாளைப் பராமரித்தவள் நான். ஐந்து கட்டங்கள்: ஆயத்தம், குளக்கட்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிகைநீர் வழிந்தோடும் வான், வாய்க்கால். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே வேலைகள், ஒவ்வொரு வேலைக்கும் அளவு, வீதம், தொகை. கட்டத்தின் கடைசியில் கூட்டு. தாளின் அடியில் ஐந்து கூட்டுகளையும் சேர்த்த மொத்தம்.

தாள் முடிந்த அன்று அடியில் 94 இலட்சத்து 32,500 ரூபாய் என்று இருந்தது. எங்கள் பொறியியலாளர் தன் குறிப்புப் புத்தகத்தில் கல்குலேற்றரால் போட்ட கணக்கு 94 இலட்சத்து 17,500. வித்தியாசம் 15,000. நூறு ரூபாய்க்கு இருபது சதம்கூட இல்லை. "எங்கேயாவது ஒரு வீதம் மாறியிருக்கும், இல்லையென்றால் வட்டமிடலில் வந்திருக்கும்" என்றார் அவர். எனக்கும் அது போதுமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கம்தான். 16 வேலைகளின் தொகைகளை முழு ரூபாய்க்கு வட்டமிட்டால் ஒரு வரியில் அதிகபட்சம் 50 சதம்தான் மாறும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 8 ரூபாய். 15,000 ரூபாயை வட்டமிடலின் தலையில் கட்ட முடியாது.

தாளை அச்செடுத்து அமைப்பின் தலைவரிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். குளக்கட்டில் இருந்த மருத மர நிழலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, அடி மொத்தத்தை அவர் பார்க்கவேயில்லை. வான் கட்டத்தின் கூட்டில் விரலை வைத்தார்.

"பிள்ளை, வான் வேலை முழுவதும் 11 இலட்சத்து 20 ஆயிரமா?"

"ஆமாம் ஐயா."

"வான் சுவருக்கே அது போய்விடுமே. தண்ணீர் விழுகிற இடத்துக் கொங்கிறீட் தளம் எங்கே? போன முறை அதைப் போடாமல் விட்டதால்தானே அடி அரித்தது?"

தளம் தாளில் இருந்தது. அவர் விரலுக்கு இரண்டு வரி மேலே, 440,000 என்று. இரண்டையும் மனத்தால் கூட்டினேன்: 15 இலட்சத்து 60 ஆயிரம். ஆனால் கூட்டு வரியில் சுவரின் 11 இலட்சத்து 20 ஆயிரம் மட்டுமே.

அலுவலகம் திரும்பி எக்செல்லைத் திறந்தபோதுதான் ஒன்றல்ல, மூன்று பிழைகள் இருப்பது தெரிந்தது.

முதலாவது, அந்தத் தளம். அதன் விலையை ஒருவர் மின்னஞ்சலில் மொத்தத் தொகையாக அனுப்பியிருந்தார். நான் அதை அப்படியே ஒட்டியிருந்தேன். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எக்செல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து. `SUM` தன் வீச்சுக்குள் எழுத்தைக் கண்டால் பிழை காட்டாது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வழக்கமாக எண்கள் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒதுங்குவதால் பார்த்தவுடன் பிடிபடும். அழகுக்காக நான் அந்த நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தேன். இருந்த ஒரே அடையாளத்தை நானே அழித்துவிட்டிருந்தேன்.

இரண்டாவது, குளக்கட்டில். களத்தைப் பார்த்து வந்த பிறகு, கட்டின் அடியில் கசியும் தண்ணீரை வெளியேற்ற ஒரு வடிகால் வேண்டும் என்று பொறியியலாளர் சொன்னார். 420,000 ரூபாய். கூட்டு வரிக்கு நேர் மேலே ஒரு வரியைச் செருகி, வேறொரு தாளிலிருந்து ஒட்டினேன். கூட்டுச் சூத்திரமோ பழைய கடைசி வரியோடு நின்றுவிட்டது. இதில் ஏமாறுவது எளிது. அதே இடத்தில் எண்ணைக் கையால் தட்டச்சு செய்தால் எக்செல் சில வேளை வீச்சைத் தானாக நீட்டிக்கொள்ளும். ஒட்டும்போது நீட்டாது. நாலு தடவை சரியாக வந்த பழக்கத்தை நம்பித்தான் ஐந்தாவது தடவை விழுந்தேன்.

மூன்றாவது எதிர்த் திசையில் போனது. துருசின் கொங்கிறீட் வேலை முதலில் 875,000 என்று ஒரே வரியாக இருந்தது. பிறகு அதை அத்திவாரம் 460,000, சுவர் 415,000 என இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். பிரித்து எழுதினேன். பழைய தாய் வரியின் தொகையை அழிக்கவில்லை. தாயும் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டில் ஏற, 13 இலட்சமாக இருக்க வேண்டிய துருசுக் கட்டம் 21 இலட்சத்து 75 ஆயிரமாக நின்றது.

இப்போது கூட்டிப் பாருங்கள். விடுபட்டவை 440,000 உம் 420,000 உம், மொத்தம் 860,000. கூடுதலாக ஏறியது 875,000. மீதி 15,000. ஒன்றை ஒன்று விழுங்கிய மூன்று பிழைகளின் எச்சம் அது. அதைத்தான் நாங்கள் வட்டமிடல் என்று சொல்லிக் கடந்து போயிருந்தோம்.

மொத்தம் ஏறத்தாழ சரியாகத்தானே இருந்தது, என்ன கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் பணம் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் மாற்றுவதென்றால் கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். வானுக்குக் குறைந்திருந்த தொகை அதன் கூட்டில் நூற்றுக்கு 39. துருசில் யாருக்கும் தேவையில்லாத பணம் கிடக்க, வானுக்குத் தளம் போடப் பணமில்லாமல் கடிதப் போக்குவரத்தில் ஆவணியும் புரட்டாசியும் போயிருக்கும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் வன்னியில் வான் வேலை நடக்காது.

என்னை உறுத்தியது வேறொன்று. தாளில் சரிபார்ப்பு இல்லாமல் இல்லை. அடியில் ஒரு கலம் வைத்திருந்தேன்: ஐந்து கட்டக் கூட்டுகளின் தொகையும் அடி மொத்தமும் ஒன்றா என்று பார்ப்பதற்கு. எப்போதும் ஒன்று என்றே சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும்? அடி மொத்தமே அந்த ஐந்து கூட்டுகளிலிருந்துதான் வருகிறது. ஒரே கிணற்றில் இரண்டு வாளி இறைத்துத் தண்ணீரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டுகளைத் தொடாமல், அடிமட்ட வேலை வரிகளிலிருந்து நேராக வரும் இரண்டாவது வழி ஒன்று தேவைப்பட்டது.

அதற்காக முன்னால் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்தேன். `A` இல் கட்ட எண். `B` இல் வரியின் வகை: விலை ஏறும் அடிமட்ட வரி என்றால் "வேலை", பிரிக்கப்பட்ட தாய் வரி என்றால் "தலைப்பு", கூட்டு வரி என்றால் "கூட்டு". தொகை `F` இல். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒன்று:

```
=SUMIFS($F$5:$F$40,$A$5:$A$40,2,$B$5:$B$40,"வேலை")
```

இது 2 ஆம் கட்டத்தின் வேலை வரிகளை மட்டும் கூட்டும். குளக்கட்டுக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் வந்தது, கூட்டு வரியில் இருந்தது 43 இலட்சத்து 50 ஆயிரம். வடிகால் பிடிபட்டது. துருசுக்கு 13 இலட்சம் வந்தது. தாய் வரி பிடிபட்டது. வானுக்குப் போனேன். வித்தியாசம் 0.

கொஞ்சம் திகைத்துப் போனேன். பிழை அங்கே இருப்பது எனக்குத் தெரியும், புதிய சரிபார்ப்பு இல்லை என்கிறது. யோசித்தால் காரணம் எளிது: `SUMIFS` உம் எழுத்தைக் கூட்டாது. பாதை வேறானாலும் இரண்டுக்கும் ஒரே குருட்டுத்தனம். எனவே கூட்டுவதை விட்டுவிட்டு எண்ணும் சூத்திரம் ஒன்று எழுதினேன்:

```
=SUMPRODUCT(($B$5:$B$40="வேலை")*(1-ISNUMBER($F$5:$F$40)))
```

வேலை என்று குறிக்கப்பட்டும் தொகை எண்ணாக இல்லாத வரிகள் எத்தனை என்று இது சொல்லும். வெறுமையாக விட்ட வரியும் இதில் விழும். அன்று 1 என்று காட்டியது.

கூட்டு வரிகளை `SUM` இலிருந்து `SUBTOTAL(9,...)` க்கு மாற்றினேன். அது தன் வீச்சுக்குள் இருக்கும் மற்ற `SUBTOTAL` களைத் தாண்டிச் செல்வதால், தாய் வரிக்கும் அதையே போட்டால் இரட்டைக் கணக்கு வராது. ஒரு வம்பும் உண்டு: யாராவது வடிகட்டி போட்டுச் சில வரிகளை மறைத்துவிட்டால் கூட்டும் குறைந்துவிடும். அச்செடுக்கும் முன் வடிகட்டியை நீக்கியிருக்கிறேனா என்று பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமாயிற்று. ஒவ்வொரு கூட்டுக்கும் மேலே ஒரு வெற்று வரியை விட்டு, அதையும் வீச்சுக்குள் சேர்த்து, சாம்பல் நிறம் அடித்து வைத்தேன். புதிய வேலையைச் சாம்பல் வரிக்கு மேலே செருகினால் சூத்திரம் கட்டாயம் நீளும்.

திருத்திய மொத்தம் 94 இலட்சத்து 17,500. பொறியியலாளரின் குறிப்புப் புத்தகத்தோடு ரூபாய் பிசகாமல் ஒத்தது. அதன்மேல் நூற்றுக்குப் பத்து எதிர்பாராச் செலவு ஏற்றி, ஒப்பமிட்டு அனுப்பினோம்.

ஆடி மாதத்தில் வான் சுவர்ப் பூச்சுக்கு ஒரு வரி சேர்த்தேன். எல்லாச் சரிபார்ப்பும் 0. ஒரு கிழமை கழித்துத்தான் அதை வாய்க்கால் கட்டத்துக்குள் செருகி, கட்ட எண்ணையும் 5 என்றே இட்டிருப்பதைக் கண்டேன். வரியின் வகை சரி, தொகை சரி, மொத்தமும் சரி, இடம் மட்டும் பிழை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சூத்திரமும் கைகொடுக்கவில்லை. பூச்சு வேலை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பது எக்செல்லுக்குத் தெரியாது.

அதன்பின் தலைவருக்குக் கொண்டுபோகும் பிரதியில் கூட்டு வரிகளை வெறுமையாக விட்டு அச்செடுத்தேன். முதல் தடவை அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெசின் பழுதாகிவிட்டதா பிள்ளை என்று கேட்டார். இல்லை ஐயா, நீங்கள்தான் கூட்ட வேண்டும் என்றேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, வான் கட்டத்திலிருந்து தொடங்கினார்.