பழி பேட்டரி மீது, பழுது சார்ஜரில்

மின்சாரம் போன அதே நொடியில் கணினியும் அணைந்தது. அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் மேசைக்கு அடியில் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மின்சாரம் திரும்பியதும் அதன் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரியை மாற்று என்பது அதன் பொருள் என்று கையேடு சொன்னது.

வாங்கி 16 மாதங்கள் ஆகியிருந்தன. வாரண்டி அட்டையில் கருவிக்கு 24 மாதம், பேட்டரிக்கு 12 மாதம் என்று இருந்தது. ஆக, பேட்டரி பழுது என்றால் செலவு என்னுடையது, கருவி பழுது என்றால் தயாரித்த கம்பெனியுடையது. சிவப்பு விளக்கின் பேச்சை நம்பியிருந்தால் பேசாமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருப்பேன். சில மாதங்களில் அதுவும் செத்திருக்கும்.

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. பேட்டரி வயதாகிச் சாகும்போது பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும். 20 நிமிடம் தாங்கியது 15 ஆகும், பிறகு 10 ஆகும். இதுவோ போன மாதம்வரை ஒழுங்காக இருந்துவிட்டு ஒரேயடியாக விழுந்தது. சார்ஜ் ஏறாமலே போயிருந்தாலும் அந்த விளக்கு எரியத்தான் செய்யும். பேட்டரியில் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏன் தாழ்ந்தது என்பது தெரியாது.

இதைச் சோதிக்கக் கருவியைத் திறக்க வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது, திருகின் மேல் ஒட்டியிருக்கும் முத்திரை கிழிந்தால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படாது. என்னுடையதில் பேட்டரியை மட்டும் வெளியே எடுக்கும்படி அடியில் தனி மூடி இருந்தது. யுபிஎஸ்ஸை அணைத்து, மின்செருகியையும் பிடுங்கிய பிறகு பேட்டரியைக் கழற்றினேன். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட வழக்கமான மூடிய ஈய அமில பேட்டரி. நண்பரிடம் இந்த வகைக்கான தனிச் சார்ஜர் இருந்தது. அதில் ஓர் இரவு முழுக்கப் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு, மல்டிமீட்டரில் அளந்தேன்: 12.8 வோல்ட். நிறைந்த பேட்டரி காட்ட வேண்டிய அளவு அதுதான்.

அதைத் திரும்ப மாட்டி, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் யுபிஎஸ்ஸில் செருகிவிட்டு மின்சாரத்தை நிறுத்தினேன். கணினி இழுக்கும் மின்சாரம் ஏறி இறங்கும், பல்பு ஒரே சீராக இழுக்கும் என்பதால்தான் பல்பு. 27 நிமிடம் எரிந்தது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு அதே பேட்டரியை யுபிஎஸ் தானே சார்ஜ் செய்யட்டும் என்று 24 மணி நேரம் மின்சாரத்தோடு விட்டுவைத்தேன். கழற்றி அளந்தால் 11.9 வோல்ட். பல்பு 4 நிமிடத்தில் அணைந்தது. இன்னொரு முறை முழுச் சுற்றும் செய்தேன்: வெளிச் சார்ஜரில் 26 நிமிடம், யுபிஎஸ் சார்ஜில் 3 நிமிடம். அதற்கு மேல் செய்யவில்லை. இந்த வகை பேட்டரியை அடிமட்டம்வரை வடிப்பது ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளைத் தின்னும்.

பழுது கையில் கிடைத்துவிட்டது. பில்தான் கிடைக்கவில்லை, அதாவது தாள் இருந்தது, எழுத்து இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். கடையில் கொடுக்கும் பில் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாள். பிளாஸ்டிக்கில் உள்ள சில வேதிப்பொருட்கள் பட்டாலே அது வெளுத்துவிடும். நான் செய்த பத்திரம்தான் அதை அழித்தது.

பில் இல்லாவிட்டால் என்ன என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டேன். வரிசை எண்ணிலிருந்து தயாரித்த மாதத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து வாரண்டியை எண்ணுவோம் என்றார்கள். என் கருவி என்னிடம் வருவதற்கு முன்னால் 9 மாதம் கிடங்கில் தூங்கியிருக்கிறது. 16-உம் 9-உம் 25. அப்படி எண்ணினால் 24 மாத வாரண்டி ஒரு மாதம் முன்பே முடிந்துவிட்டது. எனவே வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த நாளையும் தொகையையும் தேடி எடுத்து, விற்ற கடைக்கு எழுதினேன். அவர்கள் தங்கள் பதிவிலிருந்து பில்லின் நகலை அனுப்பினார்கள். அதில் மாடல் பெயர் இருந்தது, வரிசை எண் இல்லை. மின்னஞ்சலில் வரிசை எண்ணையும் சேர்த்துக் கேட்டபோது, அதையும் குறித்துக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். இந்த இரண்டாவது கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது. கருவிக்கும் தாளுக்கும் முடிச்சுப் போடுவது அந்த எண் மட்டும்தான் என்பதால் காத்திருந்தேன்.

கோரிக்கைக் கடிதத்தை முதலில் கோபமாக எழுதினேன். அதில் புதுக் கருவியோடு புதுப் பேட்டரியும் வேண்டும் என்றிருந்தது. மறுநாள் படித்தபோது சிரிப்பு வந்தது. பேட்டரி 27 நிமிடம் தாங்குகிறது என்று மேலே நிரூபித்துவிட்டு, பேட்டரி கெட்டுவிட்டது என்று கீழே கேட்கிறேன். அந்த வரியை எடுத்தேன். அனுப்பியது இப்படி இருந்தது:

"இணைப்பில் உள்ள பில்லின்படி 16 மாதங்களுக்கு முன் வாங்கிய யுபிஎஸ் இது. வரிசை எண் பில்லிலும், கருவியின் அடியில் எடுத்த படத்திலும் உள்ளது. பழுது: உள்ளிருக்கும் சார்ஜர் பேட்டரியை நிரப்புவதில்லை. அதே பேட்டரி வெளிச் சார்ஜரில் ஏற்றினால் 60 வாட் பல்பை 27 நிமிடம் எரிக்கிறது. யுபிஎஸ் 24 மணி நேரம் ஏற்றிய பின் 4 நிமிடமே எரிக்கிறது. இரண்டு சுற்று அளவுகளும் படங்களும் இணைப்பில். கருவி திறக்கப்படவில்லை. அதே மாடலில் மாற்றுக் கருவி தர வேண்டுகிறேன். இயலாவிட்டால் சார்ஜர் பகுதியை மாற்றி, மாற்றிய பாகத்தை எழுத்தில் குறித்துத் தரவும். பேட்டரிக்காக எதுவும் கோரவில்லை."

கடைசி வரியால்தான் கடிதம் வேலை செய்தது என்று இன்றும் நினைக்கிறேன். அதைப் படித்த பிறகு 12 மாத விதியைக் காட்டிக் கோப்பை மூட வழியில்லை.

ஆனாலும் முதல் சுற்றில் கருவி பழுதில்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. சர்வீஸ் மையத்தில் தங்களிடம் இருந்த, ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்யாமல் எப்படி இருக்கும்? நான் வாதாடவில்லை. பேட்டரியை வடித்துவிட்டு, கருவியிலேயே 24 மணி நேரம் ஏற்றி, பிறகு பாருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதி, சீட்டின் எண்ணையும் குறிப்பிட்டுத் திரும்ப அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அங்கிருந்த தொழில்நுட்பர் அழைத்தார்.

"சார், சார்ஜர் பக்கம் வோல்ட்டேஜே வரவில்லை. போர்டை மாற்றுகிறோம். புதுக் கருவி தர மாட்டார்கள். பழுது பார்ப்பதா மாற்றித் தருவதா என்பது கம்பெனி முடிவு என்று வாரண்டியில் இருக்கிறது."

எடுத்துப் பார்த்தேன், இருந்தது. முதல் வாரமே பழுதாகியிருந்தால் மாற்றித்தான் தர வேண்டும் என்று நின்றிருப்பேன். 16 மாதம் உழைத்த கருவிக்குப் பழுதுபார்ப்பே போதும் என்று ஒப்புக்கொண்டேன். சார்ஜர் போர்டு மாற்றப்பட்டது என்று சீட்டில் எழுதச் சொன்னதை மட்டும் விடவில்லை. மீதி 8 மாதத்துக்குள் அதே பகுதி மறுபடி போனால், அப்போது மாற்றுக் கருவி கேட்க எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

கருவி வந்ததும் 24 மணி நேரம் மின்சாரத்தில் விட்டுவிட்டு, பல்பைச் செருகி, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். 25 நிமிடம். சீட்டை அன்றே படம் எடுத்துவைத்தேன். அதுவும் வெப்பத்தாள்தான்.